லிப்ட் கீழே இருக்கும்

தனிஸ்லாஸ் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்திரண்டு வருசம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாப்பு, அணி என்று எதைக் கேட்டாலும் புத்தகம் பார்க்காமல் சொல்வார். இங்கிலீஷ் மட்டும் அவருக்கு வந்ததே இல்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பார். அர்த்தம் பாதி புரியும், பாதியை முன்பின் வைத்து ஊகித்துக்கொள்வார். ஆசிரியர் அறையில் சுற்றறிக்கை வந்தால் கண்ணாடியைத் துடைத்தபடி பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லும்வரை காத்திருப்பார். அது ஒரு பழக்கமாகவே ஆகிப்போனது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது மனைவி அற்புதமேரிக்கும் மகள் ஆன்சிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஓய்வு பெற்றபின் ஒத்தக்கடையில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கினார்கள். மொத்தம் முப்பது வீடு, ஒரே லிப்ட். போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அங்கே எல்லாருக்கும் அவர் ‘வாத்தியார்’ ஆகிவிட்டார். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பேங்கிலிருந்து வரும் கடிதம் எல்லாம் அவர் கைக்கு வந்தன. தமிழில் இருந்தால் அங்கேயே படித்துச் சொல்வார். இங்கிலீஷில் இருந்தால், “குடுத்துட்டுப் போங்க, பாத்துச் சொல்றேன்” என்பார். உள்ளே போய், ஆன்சி பெங்களூரிலிருந்து வந்தபோது போனில் ஏற்றிக் கொடுத்த மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டோ எடுப்பார். இங்கிலீஷ் எழுத்துக்கு மேலேயே தமிழ் எழுத்து வந்து உட்காரும். அதை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து, தானே படித்ததைப்போலச் சொல்வார். இரண்டு வருசம் இது ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

நான்காவது மாடியில் கருத்தக்கண்ணனும் ஒச்சாயியும் இருந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகள். கருத்தக்கண்ணனுக்கு எழுபது வயது, சிறுநீரகம் கெட்டுப்போய் புதனும் சனியும் டயாலிசிஸ். ஊரிலிருந்து வாரம் இரண்டு முறை வந்துபோக முடியாது என்று, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் நல்லகாமன் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இந்த வீட்டை எடுத்துக் கொடுத்திருந்தான். ரெண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. வைத்திருந்ததும் பட்டன் போன்தான்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கீழே லிப்ட் பக்கத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. லிப்ட் கம்பெனியிலிருந்து வந்த இங்கிலீஷ் மெயிலைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அழகுபாண்டி அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டச் சொல்லியிருந்தார். மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. ஒச்சாயி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காய்கறிப் பையோடு உள்ளே வந்த தனிஸ்லாஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

“சாரு, லிப்டப் பத்தி என்னமோ ஒட்டிருக்காக. புதன்கெழம இவுகள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். பாத்துச் சொல்லுங்களேன்.”

அவர் தாளைப் பார்த்தார். புதன்கிழமை என்பது தெரிந்தது. ஒன்பது, ஐந்து என்ற எண்கள் தெரிந்தன. “கண்ணாடி மாத்திப் போட்டு வந்திருக்கேன்மா. போட்டோ எடுத்துக்கிறேன், மேல போய்ப் பாத்துச் சொல்றேன்” என்றார். எடுத்தார்.

வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் செயலியைத் திறந்தார். ‘பராமரிப்புக்காகப் புதன்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை லிப்ட் கீழே இருக்கும்’ என்று வந்தது. அதற்கு அடுத்த இரண்டு வரியில் டியூப் லைட் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டு, வெறும் வெள்ளையாக விழுந்திருந்தது. அந்த இடத்தில் செயலி எதுவும் சொல்லவில்லை.

கீழே இருக்கும் என்றால் என்ன? அவருக்கு ஒரு கணம் நெருடியது. துடைத்து எண்ணெய் போடுவதற்காகக் கீழ்த்தளத்தில் நிறுத்தி வைப்பார்கள், வேண்டும்போது பொத்தானை அழுத்தினால் மேலே வரும் என்று எடுத்துக்கொண்டார். இன்னொரு தடவை இறங்கிப் போய் அந்த இரண்டு வரியையும் எடுத்திருக்கலாம். முதல் மாடியில் இருந்த அழகுபாண்டியின் கதவைத் தட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், வாத்தியாருக்கு இந்த இங்கிலீஷ்கூடத் தெரியாதா என்று அவர் ஒரு பார்வை பார்ப்பார். தனிஸ்லாஸ் நான்காவது மாடிக்கு ஏறிப்போய்ச் சொன்னார்.

“புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் லிப்ட கீழதான் நிறுத்தி வச்சிருப்பாகளாம். நீங்க பட்டனை அமுக்கிட்டுக் கொஞ்சம் காத்திருங்க, வரும்.”

“அம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துபோனேன்” என்றாள் ஒச்சாயி.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தனிஸ்லாஸ் தல்லாகுளத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். ஓய்வூதியத்தில் ஒரு சரிபார்ப்பு, அதை முடித்துவிட்டு வில்லாபுரத்தில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டு, ஒத்தக்கடைக்குத் திரும்பும்போது மணி ஆறு. லிப்டில் ஏறினார். புதுக் கயிறு போட்ட லிப்ட், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஏறியது. நன்றாக வேலை பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

கதவைத் திறந்த அற்புதமேரி, “மேல் வீட்டு அண்ணன் படியில விழுந்துட்டாராம். கை முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில இருக்காரு” என்றாள்.

“படியில ஏன் போனாரு?”

“லிப்ட் ஓடலயே, காலையில இருந்து.”

அவர் சோபாவில் உட்கார்ந்தார். போனில் இருந்த போட்டோவை எழுத்துக் கூட்டி வாசித்து ஆன்சிக்கு எழுதினார்: ‘லிப்ட் டவுன் என்றால் என்னம்மா?’ ஒரு நிமிசத்தில் பதில் வந்தது. ‘ஓடாதுன்னு அர்த்தம்பா. ரிப்பேர்னா அப்படித்தான் சொல்லுவாங்க. ஏன்பா?’

அவர் அந்தப் போட்டோவை மறுபடி திறந்து, வெள்ளையாக விழுந்திருந்த இரண்டு வரியைப் பார்த்தார்.

நடந்ததைக் காவல்காரர் ஆண்டிச்சாமியிடம் மறுநாள் காலையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஐம்பத்தைந்து வயது மனுசர் ஆண்டிச்சாமி. வாசலைப் பார்த்துக்கொள்வது, மோட்டார் போடுவது, மாடி கூட்டுவது எல்லாம் அவர்தான்.

“காலம்பற பத்து மணிக்கு ரெண்டு பேரும் லிப்ட் வாசல்ல வந்து பட்டன அமுக்கி அமுக்கிப் பாத்திருக்காக சார். கால் மணி நேரம் நின்னுருக்காக. பெறகு அந்தம்மா சத்தம் போட்டுச்சு. நான் ஓடிப்போய் மேல மெக்கானிக்கிட்டக் கெஞ்சுனேன், ஒரே ஒரு தடவ ஓட்டிக் குடுங்கப்பான்னு. அவுக என்ன செய்வாக? கயித்தக் கழத்தியாச்சு. பெட்டிய உச்சி மாடியில சங்கிலி போட்டுத் தொங்க விட்டுருக்காக. பெட்டிக்கு எதிர்ப்பக்கம் தொங்குற எடைக்குக் கீழ குழியில முட்டுக் குடுத்திருக்கு. புதுக் கயிறு மாட்டி, ஓட்டிப் பாத்து முடிக்காம ஆளை ஏத்தக் கூடாதுன்னுட்டாக.”

கருத்தக்கண்ணன் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து நாலு மாடி இறங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் தாமதம். அடுத்த ஆள் காத்திருந்ததால் அவருக்கு டயாலிசிஸை நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டார்கள். நாலரை மணிக்குத் திரும்பி வந்தபோது லிப்டை வெறுமனே ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் அரை மணி ஆகும் என்றார்கள்.

“நான் சேர் போட்டு உக்கார வச்சேன் சார். உக்காருங்கண்ணே, நானும் மெக்கானிக்கும் சேரோட தூக்கிட்டுப் போறோம்னு சொல்லிட்டு, தொட்டி வழியுதுன்னு மோட்டார நிப்பாட்டப் போனேன். அதுக்குள்ள எந்திரிச்சு ஏற ஆரம்பிச்சுட்டாரு. படுக்கணும், படுக்கணும்னே சொன்னாராம். அங்கன ஊசி போட்டு வந்தா அவருக்குத் தல சுத்தும்ல? ரெண்டாவது மாடி திருப்பத்துல சாஞ்சுட்டாரு. டயாலிசிசுக்கு ஊசி குத்துற இடது கைய அடிபடாமக் காப்பாத்தணும்னு நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டாரு. அம்புட்டுப் பாரமும் வலது கையில விழுந்துருச்சு.”

வியாழக்கிழமை மத்தியானம் கட்டுப் போட்ட கையோடு அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். தனிஸ்லாஸ் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார். அந்த வீட்டு ஆளுக்கு ஆரஞ்சு ஆகாது, பொட்டாசியம் கூடிவிடும் என்பது வாசலுக்குப் போனபிறகுதான் நினைவுக்கு வந்தது. பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

கருத்தக்கண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் விறகுபோலப் போர்வைக்கு மேலே கிடந்தன. ஒச்சாயி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“சாரு, மகன் போன்ல கத்துறான். கமிட்டிக்காரங்கள விடமாட்டேங்கிறான். நான் சொல்லிட்டேன், நோட்டீசுலயே தப்பா அடிச்சிருந்தாகப்பான்னு. கீழ இருக்கும், பட்டன அமுக்குனா வரும்னு போட்டுட்டு ஓட்டாம விட்டுட்டாகளே, பாவிக! நீங்க படிச்சுச் சொன்னீகன்னு உங்க பேர நான் எடுக்கல சாரு. நல்லது செஞ்ச மனுசர எதுக்கு வம்புல இழுத்துவிடணும்?”

அவர் வாயைத் திறந்தார். “அப்படி இல்லம்மா” என்று சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார். “உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க” என்று வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏதாவது செய்தால் நெஞ்சு லேசாகும் என்று தோன்றியது. உட்கார்ந்து, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு ஒரு செய்தி எழுதினார். மூன்று முறை திருத்தினார்.

‘மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம். லிப்ட் பராமரிப்புக்காகத் தாங்கள் எடுத்துவரும் முயற்சிகளுக்கு நன்றி. புதன்கிழமைப் பணி குறித்த அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தமையால், ஆங்கிலம் அறியாத குடும்பத்தினர் அதனைச் சரிவரப் புரிந்துகொள்ள இயலாமல் போயிற்று. இனிவரும் அறிவிப்புகளைத் தமிழிலும் வெளியிட்டு உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். – தனிஸ்லாஸ்.’

அனுப்பிய பத்து நிமிசத்தில் கட்டைவிரல்கள் குவிந்தன. ‘அருமை ஐயா.’ ‘எங்களுக்காகப் பேச நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள்.’ ‘கமிட்டி தூங்குகிறதா?’ நல்லகாமன் கோயம்புத்தூரிலிருந்து குரல் செய்தி போட்டான்: “சார் சொன்னதுதான் சரி. எங்கப்பா கை முறிஞ்சதுக்கு யாரு பதில் சொல்றது?” அற்புதமேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையெல்லாம் படித்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க என்ன படிச்சுச் சொன்னீங்கங்கிறது இதுல இல்லயே” என்றாள்.

“இல்ல.”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதில் ஒரே ஒரு மனுசருக்குத்தான் தெரியும், அவரும் வெளியே சொல்லமாட்டார். அந்த வசதிதான் தன்னை இழுக்கிறது என்று புரிந்ததும் அந்த யோசனையும் கசந்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஆண்டிச்சாமி சட்டைப் பொத்தானைச் சரிபண்ணிக்கொண்டு நின்றார்.

“சார், ஒரு உதவி. என்னய மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லிட்டாக. வீடு வீடாப் போய்ச் சொல்லலைன்னும், பெரியவர ஏற விட்டுட்டேன்னும் எம்மேல புகார். நாளைக்குக் கமிட்டி கூடுது. நீங்க நல்லா எழுதுவீகன்னு எல்லாரும் சொல்றாக. நான் செஞ்சது தப்புதான், இந்த ஒரு தடவ மன்னிச்சுக்கங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார்.”

“வீடு வீடாப் போய்ச் சொல்லச் சொன்னாகளா உங்கிட்ட?”

“சொல்லல சார். ஒட்டச் சொன்னாக, ஒட்டுனேன். அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. மெக்கானிக் வந்த பெறகுதான் தெரியும். அதை இப்பப் பேசி என்ன சார், தப்புன்னே எழுதிருங்க. வேலை இருந்தாப் போதும்.”

தனிஸ்லாஸ் தாளும் பேனாவும் எடுத்து வந்து மேஜையில் உட்கார்ந்தார். ‘அனுப்புநர், ஆண்டிச்சாமி’ என்று எழுதினார். ‘புதன்கிழமை நடந்த தவறுக்கு நானே முழுப் பொறுப்பு’ என்று எழுதினார். எழுத்து அச்சுக் கோத்ததுபோல அழகாக இருந்தது. அதற்குமேல் பேனா நகரவில்லை. எதிரே ஆண்டிச்சாமி, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஆண்டிச்சாமி, இத நான் எழுதமாட்டேன். நீ போ. நாளைக்கு உனக்கு ஒண்ணும் ஆகாது.”

“சார்…”

“போப்பா. நான் பாத்துக்கிறேன்.”

ஆண்டிச்சாமி குழம்பிப் போய் இறங்கினார். அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து கருத்தக்கண்ணனும் ஒச்சாயியும் திரும்பும்வரை தனிஸ்லாஸ் ஜன்னலிலேயே நின்றார். ஆட்டோ வந்து, லிப்ட் ஏறும் சத்தம் கேட்டு, அவர்கள் கொஞ்சம் இளைப்பாறட்டும் என்று அரை மணி பொறுத்து, படி ஏறிப் போனார்.

கருத்தக்கண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒச்சாயி அவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். தனிஸ்லாஸ் உட்காரவில்லை.

“அண்ணே, நோட்டீசுல தப்பு ஒண்ணும் இல்ல. லிப்ட் ஓடாதுன்னுதான் போட்டிருந்துச்சு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. போன்ல போட்டோ எடுத்துப் பாத்தேன், அது கீழ இருக்கும்னு காட்டுச்சு. எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. யார்கிட்டயும் கேக்காம உங்ககிட்ட வந்து சொல்லிட்டேன். உங்க கை என்னாலதான் முறிஞ்சது.”

ஒச்சாயியின் கை தட்டிலேயே நின்றது. “இங்கிலீஷ் தெரியாதா? அப்ப இத்தன நாளு படிச்சுச் சொன்னதெல்லாம்? ஆஸ்பத்திரிச் சீட்டு? மாத்திர எப்பப்பக் குடுக்கணும்னு சொன்னீகளே?”

“எல்லாம் போன்ல பாத்துத்தான்மா.”

அவள் முகம் போன போக்கை அவரால் பார்க்க முடியவில்லை. கை முறிந்ததைவிட அந்த மாத்திரைச் சீட்டுதான் அவளைப் பயமுறுத்திவிட்டது.

கருத்தக்கண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்குந்தான் எழுத்துத் தெரியாது சார். எங்கயும் தெரியாதுன்னுதான் சொல்வேன். அதுல என்ன இருக்கு? நீங்களும் சொல்லியிருந்தா, வேற ஆளக் கேட்டிருப்போம். வெள்ளனத்துல ஏழு மணிக்கே எறங்கிப் போயிருப்பேன், இல்லாட்டி மகன வரச்சொல்லி, ராத்திரிக்கு அங்கிட்டே லாட்ஜுல தங்கியிருப்பேன். எம்புட்டோ வழி இருந்துச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. விதை போடும் நாள் தவறிவிட்டால் பேசிக்கொள்வதுபோலச் சொன்னார். தனிஸ்லாஸுக்கு மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகள் எத்தனையோ தெரியும். அந்த அறையில் ஒன்றும் எடுபடாது என்று பட்டது. தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தார்.

வந்ததும் இரண்டாவது செய்தியை எழுதினார். இதைத் திருத்தவில்லை.

‘சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம். நேற்று நான் அனுப்பிய செய்தியில் ஓர் உண்மையை மறைத்துவிட்டேன். அறிவிப்பைப் போட்டோ எடுத்துப் போனில் மொழிபெயர்த்து, லிப்ட் ஓடும் என்று கருத்தக்கண்ணன் அவர்களிடம் தவறாகச் சொன்னது நான்தான். போட்டோவில் கடைசி இரண்டு வரிகள் தெரியவில்லை, மறுபடியும் எடுக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு யாரையும் கேட்கவில்லை. காவலர் ஆண்டிச்சாமிமீது எந்தத் தவறும் இல்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அறிவிப்பைத் தமிழில் ஒட்டவேண்டும் என்ற கோரிக்கை அப்படியே இருக்கிறது. – தனிஸ்லாஸ், மூன்றாவது மாடி.’

இந்தத் தடவை கட்டைவிரல் ஒன்றும் வரவில்லை. படித்தவர்கள் பட்டியலில் மட்டும் ஒவ்வொரு பெயராகச் சேர்ந்துகொண்டிருந்தது. கால் மணி கழித்து அழகுபாண்டி போன் பண்ணினார்.

“சார், எதுக்கு இதெல்லாம்? நீங்க பெரிய மனுசர். யாரும் உங்களக் கேக்கலையே. டெலிட் பண்ணிருங்க, இன்னும் நிறையப் பேரு பாக்கல.”

“இருக்கட்டும் சார். பாக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. நல்லகாமனும் வந்திருந்தான். தனிஸ்லாஸ் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். நல்லகாமன் அவரை ஒரு தடவை பார்த்தான், பிறகு திரும்பியே பார்க்கவில்லை. மெயிலை அப்படியே ஒட்டியது தன் சோம்பேறித்தனம் என்று அழகுபாண்டி எழுந்து ஒத்துக்கொண்டார். ஆண்டிச்சாமியின் வேலை நிலைத்தது. இனிமேல் அறிவிப்பு தமிழிலும் இங்கிலீஷிலும் ஒட்டுவது, நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு நிர்வாகியே நேரில் போய்ச் சொல்வது, கம்பெனியிடம் தேதி கேட்கும்போது புதனையும் சனியையும் விட்டுவிடச் சொல்வது என்று தீர்மானம் எழுதினார்கள்.

சங்கம் அதோடு அந்த விசயத்தை மறந்துவிட்டது. பார்த்தால் இப்போதும் எல்லாரும் வணக்கம் சொல்கிறார்கள். ஆனால் தாளை எடுத்துக்கொண்டு யாரும் மூன்றாவது மாடிக்கு வருவதில்லை. ஒச்சாயி எல்லாச் சீட்டையும் முதல் மாடியில் கல்லூரியில் படிக்கும் பெர்சியிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னாள். மாத்திரை நேரமெல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். அந்தத் தகவலை அவள் தனிஸ்லாஸிடம் வந்து சொல்லவில்லை, பெர்சிதான் சொன்னாள்.

கட்டுப் பிரித்தபோது கருத்தக்கண்ணனின் மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. அந்த வயதில் அப்படித்தான் சேரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீத் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். சில சாயங்காலங்களில் அவரும் தனிஸ்லாஸும் கீழே வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்காருவதுண்டு. மழை, பயிர், காய்கறி விலை என்று பேச்சு போகும். போன வாரம் கருத்தக்கண்ணன் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுக்க முயன்று, கோணல் கையில் அது சிக்காமல் திணறினார். தனிஸ்லாஸ் சட்டென்று கையை நீட்டினார்.

“விடுங்க சார், வந்துரும்” என்றார் கருத்தக்கண்ணன்.

தனிஸ்லாஸ் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.